தலைப்பில் 60 நிமிடம், கையில் 20 நிமிடம்: கருத்தரங்கு மேடையில் நான் வாங்கிய பாடம்

அந்த டீச்சர் எழுந்து நின்று கேள்வி கேட்டபோது அவர் கையில் ஒரு நோட்டு இருந்தது. அதில் ஐந்து கேள்விகளை நம்பர் போட்டு எழுதிக்கொண்டு வந்திருந்தார்.

"எங்க ஸ்கூல் பேரன்ட்ஸ் குரூப்ல பிள்ளை பிடிக்கிறவங்க வந்திருக்காங்கன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் சுத்துதும்மா. ரெண்டு வாரமா பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்பலை. ஆடியோவை எப்படிச் சரிபார்க்கிறதுன்னு சொல்லித் தருவீங்கன்னு போட்டிருந்தது. அதைக் கொஞ்சம் சொல்லுங்க."

என்னிடம் பதில் இல்லை. ஆடியோ பற்றி என் ஸ்லைடில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலில், என் பெயருக்குக் கீழே, "ஆடியோ" என்ற வார்த்தை இருந்தது. அதை எழுதியது நான்தான்.

சமாளித்து ஏதோ சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நோட்டை மூடினார். வெளியே டீ கவுன்டரில் பார்த்தபோது கோபப்படாமல்தான் பேசினார். "பக்கத்து ஹால்ல வகுப்பறையில மீடியா பத்தி சொல்லிக் குடுக்குற செஷன் இருந்தது. உங்களோடதுல அதுவும் வரும்னு போட்டிருந்ததால இங்க வந்துட்டேன். பரவாயில்லம்மா."

அந்தப் 'பரவாயில்லம்மா' ஒரு வருஷமாக என்னோடு இருக்கிறது.

கிளிக் வேறு, நாற்காலி வேறு

நான் ஒரு டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தலைப்பு எழுதுவேன். ஸ்க்ரோல் செய்துகொண்டு போகிற கட்டைவிரலை ஒரு விநாடி நிறுத்த வேண்டும். அதுதான் எங்கள் தொழில். உள்ளே வந்தவருக்குச் செய்தி பிடிக்கவில்லை என்றால் பேக் பட்டனை அழுத்திப் போய்விடுவார். நஷ்டம் நான்கு விநாடி.

கருத்தரங்கில் கதையே வேறு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஹாலில் பேச்சு நடக்கும். வருகிறவர் நிரலைப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்றால், மற்ற இரண்டையும் விடுகிறார் என்று அர்த்தம். உள்ளே உட்கார்ந்த பிறகு பத்தாவது நிமிடத்தில் ஏமாற்றம் தெரிந்தாலும், நடு வரிசையில் இருந்து எழுந்து போகக் கூச்சம். அங்கே பேக் பட்டன் கிடையாது.

இது தெரியாமல், நியூஸ் தலைப்பு எழுதுகிற அதே கையால்தான் நான் கருத்தரங்குத் தலைப்பையும் எழுதினேன்.

நான் அனுப்பியது என்ன?

ஊடகத் துறையினருக்கான ஒரு கருத்தரங்குக்குப் பேச்சாளர்களை அழைத்திருந்தார்கள். உரைக்கு 25 நிமிடம். அதில் கடைசி ஐந்து கேள்விகளுக்கு. ஒரு தலைப்பும், அதிகபட்சம் 200 வார்த்தையில் ஓர் உரைச் சுருக்கமும் அனுப்ப வேண்டும். இந்தச் சுருக்கத்தைத்தான் 'அப்ஸ்ட்ராக்ட்' என்கிறார்கள். கடைசித் தேதி அன்று இரவு 11 மணிக்கு, ஷிஃப்ட் முடிந்து, அரை மணி நேரத்தில் நான் எழுதி அனுப்பியது இது:

"வாட்ஸ்அப் வதந்திகளை நொடியில் வீழ்த்தும் ரகசியங்கள்! போலிச் செய்திகள் இன்று சமூகத்தை அரித்துக்கொண்டிருக்கின்றன. கையில் ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் யார் வேண்டுமானாலும் அவற்றை நொடியில் கண்டறியலாம். புகைப்படம், வீடியோ, ஆடியோ என எல்லா வகை ஃபார்வேர்டுகளையும் சரிபார்க்கும் வழிகளை இந்த உரை செய்துகாட்டும். வதந்திகள் ஏன் பரவுகின்றன என்ற உளவியலும் விளக்கப்படும். பள்ளி, கல்லூரிகளில் இதை எப்படிக் கற்பிக்கலாம் என்பதற்கான வழிகாட்டுதலும் உண்டு. முடிவில் நீங்களே ஒரு ஃபேக்ட்-செக்கர் ஆகிவிடுவீர்கள்!"

தேர்வாகிவிட்டது. வீட்டில் அம்மா கேசரி கிண்டினார்.

நான்கு மாதம் கழித்து, ஸ்லைடு தயாரிக்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு உண்மையில் தெரிந்தது என்ன என்று யோசித்தேன். தெரிந்தது ஒரே ஒரு சம்பவம். ஒரு மழைக்காலத்தில், அணை உடைந்துவிட்டது என்று எங்கள் டெஸ்க்குக்கு வந்த 38 விநாடி வீடியோ ஒன்றை நானும் சக நிருபர் ஒருவரும் சரிபார்த்தோம். அதற்கு 3 மணி 40 நிமிடம் ஆனது. அதைத்தான் மேடையில் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஹாலில் இருந்தவர்கள் வேறு எதையோ கேட்க வந்திருந்தார்கள். கருத்துப் படிவம் ஒன்றில் யாரோ எழுதியிருந்தார்கள்: "பேச்சு நன்று. தலைப்பு வேறு யாருடையதோ."

வரிக்கு வரி ஒரு கணக்கு

இந்த வருஷம் மறுபடியும் விண்ணப்பிக்கலாமா என்று எங்கள் டெஸ்க்கின் சீனியர் அக்காவிடம் கேட்டேன். பல வருஷமாகக் கருத்தரங்குகளில் பேசுகிறவர். தேர்வுக் குழுவிலும் இருந்திருக்கிறார்.

"போன வருஷம் அனுப்பினதை பிரின்ட் எடுத்துட்டு வா" என்றார். கூடவே ஒரு சிவப்புப் பேனா.

"ஒவ்வொரு வரியும் ஒரு வாக்குறுதி. அதை மேடையில நிறைவேத்த எத்தனை நிமிஷம் ஆகும்னு பக்கத்துல எழுது. குறைச்சு எழுதாத. கல்யாணத்துக்கு இலை எண்ணுற மாதிரி எண்ணு."

எழுதினேன். போலிச் செய்தி சமூகத்தை அரிக்கிறது என்ற முதல் வரி, பூஜ்யம் நிமிடம். அதில் வாக்குறுதியே இல்லை. கேட்க வருகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். புகைப்படத்தைச் சரிபார்த்துக் காட்ட 8 நிமிடம். வீடியோவுக்கு 10. ஆடியோவுக்கு 10. உளவியலுக்கு, மேலோட்டமாகச் சொன்னால்கூட 12. வகுப்பில் கற்பிப்பதற்கு 10. கேட்பவரையே ஃபேக்ட்-செக்கர் ஆக்குவதென்றால் அவர்கள் கையில் ஒரு ஃபார்வேர்டைக் கொடுத்து ஒருமுறையாவது செய்ய வைக்க வேண்டும், அதற்கு 10.

கூட்டினால் 60 நிமிடம். என்னிடம் இருந்தது 20.

"இதுல உன்னால எது முடியும்?" என்றார் அக்கா. வீடியோ மட்டும். அதாவது 60-ல் 10. டீச்சரின் ஐந்து கேள்விகளில் நான்குக்கு ஏன் பதில் இல்லை என்பது இந்தக் காகிதத்திலேயே தெரிந்தது.

இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அதிக நிமிடம் தின்றவை எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள். 'எல்லா வகை' என்பது இரண்டே சொல்தான், ஆனால் அது மூன்று செய்முறை விளக்கம் கேட்கிறது. 'உளவியலும்' என்பதில் உள்ள அந்த 'உம்' 12 நிமிடம். எழுதும்போது ஒரு 'உம்' சேர்ப்பதற்குக் காசா பணமா என்றுதான் தோன்றும்.

தலைப்பிலும் அப்படித்தான். 'எப்படி' என்று முடித்தால், கேட்பவர் திரும்பிப்போய்த் தானே செய்யக்கூடிய ஒரு வழிமுறையை எதிர்பார்ப்பார். 'ஏன்' என்று போட்டால் காரணமும் அதற்கு ஆதாரமும் வேண்டும். 'நொடியில்' என்றால் நிஜமாகவே நொடியில் ஆக வேண்டும். எனக்கு ஆனதோ 3 மணி 40 நிமிடம்!

ஒளித்துவைத்த லட்டு

"சரி, அந்த வீடியோ கதையில நீ கண்டுபிடிச்சது என்ன? ஒரு வரியில சொல்லு" என்றார் அக்கா.

யோசித்துச் சொன்னேன். வீடியோவை ஆங்காங்கே நிறுத்தி ஆறு ஸ்க்ரீன்ஷாட் எடுத்தோம். ஒவ்வொன்றையும் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடினோம். ஐந்தாவது படத்தில் ஒரு கடைப் பலகையில் தெலுங்கு எழுத்து இருந்தது. அதே காட்சியை இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒருவர் பதிவேற்றியிருந்தார். வீடியோ பழையது, வேறு மாநிலத்தில் எடுத்தது என்பது 25 நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மீதி மூன்றேகால் மணி நேரமும் ஒரே ஒரு கேள்விக்காகப் போனது. அணை பத்திரமாக இருக்கிறதா? ஏனென்றால் வீடியோ பழையது என்பதாலேயே அணை உடையவில்லை என்று ஆகிவிடாது. பழைய வீடியோவை ஒட்டி, உண்மையான சம்பவம் ஒன்றும் வரலாம். அதிகாரிகளுக்கு போன், லைன் பிஸி, மறுபடியும் போன், கரையோரத்தில் வசிக்கிறவர்களிடம் விசாரிப்பு என்று அதற்குத்தான் நேரம் ஆனது.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். "வீடியோ பொய்யான்னு கேட்கிறது ஒரு கேள்வி, சம்பவம் பொய்யான்னு கேட்கிறது வேற கேள்வி. இதுதானே உன் பேச்சு? இதுல ஒரு எழுத்துகூட உன் அப்ஸ்ட்ராக்ட்ல இல்லையே!"

"அதைச் சொல்லிட்டா அப்புறம் யாருக்கா வருவா?"

டெஸ்க்கில் பழகிய புத்தி அது. முடிவைத் தலைப்பில் சொல்லக் கூடாது, உள்ளே இழுக்க வேண்டும். அக்கா விளக்கினார். தேர்வுக் குழுவில் இருப்பவர் ஒரே உட்காரலில் முப்பது, நாற்பது சுருக்கங்களைப் படிப்பார். 'ரகசியம் உண்டு, வாருங்கள்' என்று எழுதினால், உள்ளே சரக்கு இருக்கிறதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? சில கருத்தரங்குகளில் பேச்சாளர் பெயரையே மறைத்துவிட்டுத்தான் படிக்கக் கொடுப்பார்கள். அப்போது உங்கள் அனுபவமோ, வேலை பார்க்கும் இடமோ துணைக்கு வராது. அந்த எழுத்து மட்டும்தான்.

"கண்டுபிடிச்சதைச் சொல்ல ஒரு வரி போதும். அது எப்படித் தெரிஞ்சதுன்னு காட்டத்தான் 20 நிமிஷம். அந்த 20 நிமிஷத்துக்குத்தான் ஆள் வரும்."

திருத்தி எழுதியது

நான்கு முறை எழுதிக் கிழித்தபின் வந்தது இது:

"அணை உடைந்ததாக எங்கள் டெஸ்க்குக்கு வந்த 38 விநாடி வீடியோவை இரண்டு பேர் 3 மணி 40 நிமிடத்தில் சரிபார்த்தோம். வீடியோ பழையது, வேறு மாநிலத்தில் எடுத்தது என்பது முதல் 25 நிமிடத்தில் தெரிந்தது. மீதி நேரம், அணை உண்மையில் பத்திரமாக இருக்கிறதா என்று உறுதிசெய்வதில் போனது. வீடியோ பொய்யா என்பதும் சம்பவம் பொய்யா என்பதும் தனித்தனிக் கேள்விகள் என்பதே நாங்கள் கற்றது. இந்த உரையில் அந்த நேரக் கணக்கை வரிசையாகச் சொல்லி, வீடியோவிலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேடும் முறையை ஒருமுறை செய்துகாட்டுவேன். இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்க உதவும் ஒரு பக்கப் பட்டியலைக் கேட்பவர்கள் எடுத்துச் செல்லலாம். இது ஒரே ஒரு சம்பவத்தின் அனுபவம். ஆடியோ ஃபார்வேர்டுகளுக்கு இந்தத் தேடல் முறை உதவாது. செய்தி டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் இதழியல் மாணவர்களுக்கும் ஏற்றது."

மறுபடியும் இலை எண்ணினோம். நேரக் கணக்குக்கு 10 நிமிடம், செய்துகாட்ட 6, பட்டியலுக்கு 3, எதற்கு உதவாது என்று சொல்ல 1. மொத்தம் 20. மிச்சமும் இல்லை, பாக்கியும் இல்லை.

இதை எழுதும்போது இரண்டு விஷயங்கள் பிடிபட்டன. முதலாவது, நடந்து முடிந்ததை மட்டும் எழுதினால் பொய் வர இடமே இல்லை. சுருக்கம் அனுப்புவதற்கும் மேடை ஏறுவதற்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி. 'அதற்குள் கற்றுக்கொள்ளலாம்' என்று நம்பித்தான் போன வருஷம் 'ஆடியோ' என்று எழுதினேன். அந்த நான்கு மாதத்தில் தேர்தல் வந்தது, ஷிஃப்ட் மாறியது, ஆடியோ வரவே இல்லை.

இரண்டாவது, 'ஆடியோவுக்கு உதவாது' என்ற அந்த வரி. அதை எழுத எனக்குக் கை கூசியது. நம் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் போன வருஷம் அந்த ஒரு வரி இருந்திருந்தால், டீச்சர் பக்கத்து ஹாலுக்குப் போயிருப்பார். அவருக்குத் தேவையானது அங்கே கிடைத்திருக்கும்.

தலைப்பு கடைசியில்தான்

தலைப்பை முதலில் எழுதிவிட்டு அதற்கேற்ப சுருக்கத்தை ஊதிப் பெருக்கியதுதான் என் பழைய தப்பு. இந்த முறை சுருக்கத்தை முடித்தபிறகே தலைப்புக்கு வந்தோம்.

முதலில் 'வைரல் வீடியோக்களைச் சரிபார்ப்பது எப்படி?' என்று எழுதினேன். அடக்கமான தலைப்பு மாதிரிதான் தெரிந்தது. அக்கா 'வீடியோக்களை' என்பதில் உள்ள 'க்களை'யை வட்டம் போட்டார். என்னிடம் இருப்பது ஒரே வீடியோ. 'எப்படி' என்பதும் முழு வழிமுறையைக் கேட்கிறது.

பயந்துபோய் அடுத்ததாக 'ஒரு வெள்ள வீடியோ' என்று எழுதினேன். "இதுல பொய் இல்லை. ஆனா விஷயமும் இல்லை" என்றார். உண்மைதான். யாருக்கு, எதற்கு என்று எதுவுமே புரியவில்லை. அதிகமாகச் சொல்லி ஏமாற்றுவது ஒரு தப்பு என்றால், ஒன்றுமே சொல்லாமல் நழுவுவதும் படிப்பவரைத் திண்டாட விடுவதுதான்.

மூன்றாவதாக, 'வீடியோ பழையது, அணை பத்திரமா? ஒரு வெள்ள வதந்தியைச் சரிபார்த்த 3 மணி 40 நிமிடம்' என்று எழுதினேன். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அதை மொபைலில் நிரல் வரும் மாதிரி ஒரு வரியில் தட்டிப் பார்த்தோம். 'வீடியோ பழையது, அணை...' என்பதோடு வெட்டிவிட்டது. அணையின் பாதுகாப்பு பற்றிய இன்ஜினீயரிங் பேச்சோ என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. ஆகவே வரிசையை மட்டும் மாற்றினோம்:

'வெள்ள வதந்தியைச் சரிபார்த்த 3 மணி 40 நிமிடம்: வீடியோ பழையது, அணை பத்திரமா?'

இப்போது எங்கே வெட்டினாலும் 'வெள்ள வதந்தி' என்பது முன்னால் நிற்கிறது. 'நொடியில்' போய், நிஜமான நேரம் வந்துவிட்டது. அந்த நேரமே கொஞ்சம் சுவாரஸ்யத்தையும் கொடுக்கிறது என்பது எனக்கே ஆச்சர்யம்.

கடைசி நேர மாற்றம்

தேர்வானது. ஆனால் 25 நிமிட வரிசையில் இடம் தரவில்லை. 'ஒரே சம்பவம் என்பதால் 15 நிமிடம் தருகிறோம், கேள்விகளும் சேர்த்து' என்று மெயில் வந்தது. குறுகலான தலைப்புக்கு இப்படி ஒரு விலையும் உண்டு.

பழைய நான் என்றால், அதே சுருக்கத்தை வைத்துக்கொண்டு வேகமாகப் பேசிச் சமாளித்திருப்பேன். மறுபடியும் கணக்குப் போட்டேன். கேள்விகளுக்கு 3 நிமிடம் போக 12 தான். நேரக் கணக்கை 8 ஆகச் சுருக்கலாம். பட்டியலுக்கு 3, எதற்கு உதவாது என்பதற்கு 1. செய்துகாட்டும் 6 நிமிடத்துக்கு இடமில்லை. அன்றைக்கே அமைப்பாளர்களுக்கு எழுதி, 'செய்துகாட்டுவேன்' என்ற பகுதியை நிரலிலிருந்து நீக்கச் சொன்னேன். அச்சுக்குப் போகும் முன் மாற்றிவிட்டார்கள். ஒருவேளை அச்சாகியிருந்தால், முதல் ஸ்லைடிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். வேறு ஹாலுக்குப் போக நினைப்பவர் முதல் நிமிடத்திலேயே போகலாம்.

போன வருஷம் ஹாலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இந்த வருஷம் எண்ணிப் பார்த்தேன், 22 பேர். மனசு கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது.

பேசி முடித்ததும் முதல் கேள்வி, பின் வரிசையில் இருந்த ஓர் இளைஞரிடமிருந்து. ஏதோ ஒரு டெஸ்க்கில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறதாம். "அந்த மூணேகால் மணி நேரத்துல, ஆபீஸ்ல இருந்து 'சீக்கிரம் போடு'ன்னு பிரஷர் வந்திருக்குமே, என்ன பதில் சொன்னீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. 'வீடியோ பழையது என்று மட்டும் இப்போதைக்குப் போடலாம், அணையைப் பற்றி உறுதியான தகவல் வந்ததும் சேர்க்கலாம்' என்று எழுதிக்கொடுத்ததைச் சொன்னேன். நான்கு பேர் குறிப்பெடுத்தார்கள்.

அந்த டீச்சர் வரவில்லை. நிரலைப் பார்த்திருந்தாலும் என் ஹாலுக்கு வந்திருக்க மாட்டார். அவருக்கு வேண்டிய ஆடியோ என்னிடம் இல்லை என்று இந்த முறை வாசலிலேயே எழுதியிருந்தது.